ஒரு மணி நேரத்தில் வேலை செய்வது அமுக்கரா இல்லை

கேள்வி: அண்ணா, எனக்கு 44 வயது, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. சர்க்கரைக்கு ஆறு வருடமாக மாத்திரை. ஒரு வருடமாக விறைப்பு சரியாக இல்லை. அஸ்வகந்தா, சஃபேத் முஸ்லி, சிலாஜித் மூன்றும் சேர்ந்த கேப்ஸ்யூல் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். போட்டு ஒரு மணி நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் தலை வலிக்கிறது, முகம் சுடுகிறது. இது சிலாஜித்தின் உஷ்ணமா? இந்த மூன்றுக்கும் உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா, தொடரலாமா?

தம்பி, அந்தக் கேப்ஸ்யூலை இன்றோடு நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், மிச்சம் இருப்பதோடு அப்படியே எடுத்து வையுங்கள். டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

நான் பி.ஃபார்ம் படித்துவிட்டு ஓசூர் பக்கம் மூலிகை எக்ஸ்ட்ராக்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் தரப் பரிசோதனை லேப்பில் இருந்தவன். இப்போது பாலக்கோட்டில் மெடிக்கல் ஷாப். மூலிகைக்கு எதிரி இல்லை, அதில்தான் ஆறு வருடம் சம்பளம் வாங்கினேன். ஆனால் "ஒரு மணி நேரத்தில்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பாதி பதில் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்ன மூன்றில் எதுவுமே ஒரு மணி நேரத்தில் விறைப்பைக் கொடுக்காது. அவற்றை வைத்து நடந்த சோதனைகளை எடுத்துப் பாருங்கள், 60 நாள், 8 வாரம், 90 நாள் என்றுதான் இருக்கும். ஒரே வேளையில், அதுவும் முதல் கேப்ஸ்யூலிலேயே, மணி பார்த்து வேலை செய்கிறது, கூடவே தலைவலி, முகச் சூடு, மூக்கடைப்பு வருகிறது என்றால் அது சில்டெனாஃபில் அல்லது டாடாலாஃபில் ஆசாமியின் கைரேகை. வயாக்ரா என்று ஊரெல்லாம் தெரிந்ததே, அந்த மருந்துக் குடும்பம். ரத்தக்குழாயைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. கீழே தளர்த்தும்போது முகத்திலும் மூளை உறையிலும் உள்ள குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும், அதனால்தான் தலைவலியும் சூடும். உஷ்ணம், பித்தம் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை.

எது என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும். நாலைந்து மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடுகிறது, விளக்கைப் பார்த்தால் லேசாக நீலம் படிந்த மாதிரி தெரிகிறது என்றால் சில்டெனாஃபில் பக்கம். சனிக்கிழமை ராத்திரி போட்டது திங்கட்கிழமை காலை வரை தெரிகிறது, இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்றால் டாடாலாஃபில் பக்கம். இது ஊகம்தான், உறுதி செய்வது லேப்பில். அங்கேயும் ஒரு தொல்லை உண்டு. கலப்படக்காரர்கள் சில சமயம் அந்த மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றிய உறவுக்காரனைப் போடுவார்கள், வழக்கமான டெஸ்ட் அதைத் தேடாது, ரிப்போர்ட் சுத்தம் என்று வந்துவிடும்.

லேப்பில் இருந்தபோது ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பொடி வந்தது. "அஸ்வகந்தா, முஸ்லி கலவை, சும்மா செக் பண்ணிக் கொடுங்கள்" என்றார்கள். கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. மெஷினில் ஏற்றினால், மூலிகைப் பொடிக்கு வழக்கமாக வரும் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்கு நடுவில் பென்னாகரம் ரோட்டில் பனைமரம் நிற்கிற மாதிரி ஒரே ஒரு உயரமான பீக். செடி இப்படிச் சுத்தமாக ஒரே பொருளை நிறுத்தி வைக்காது. ஒப்பிட வைத்திருக்கும் சுத்தமான டாடாலாஃபிலை ஏற்றிப் பார்த்தால் அதே நிமிடத்தில் அதே இடத்தில் வந்து நின்றது. அந்தப் பொடியை எங்கள் கம்பெனி வாங்கவில்லை, அதோடு சரி. வேறு யாராவது வாங்கியிருப்பார்கள்.

இதனால் என்ன, வேலை செய்கிறதே, மலிவாகக் கிடைத்த வயாக்ரா என்று வைத்துக்கொள்கிறேன் என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான், ஆனால் ஒரு கேப்ஸ்யூலில் எத்தனை மில்லிகிராம் விழுந்திருக்கிறது என்று போட்டவனுக்கே தெரியாது. டிரம்மில் கொட்டிக் கலக்குகிறார்கள், ஒன்றில் 10 மில்லிகிராம் போயிருக்கும், அடுத்ததில் 100 போயிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று.

என் கடைக்கு ஒருவர் வருவார், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பாராசிட்டமால் கேட்பார். மூன்றாவது வாரமும் வந்தபோது "என்னங்க, ஞாயிறானால் தலைவலியா" என்று விளையாட்டாகக் கேட்டேன். கடையில் ஆள் இல்லை, அதனால் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். இலைப் படம், குதிரைப் படம், நூறு சதவீதம் மூலிகை என்று எழுத்து. நான் பார்த்தது அந்த டப்பாவை அல்ல, அதே பையில் இருந்த பிரிஸ்கிரிப்ஷனை. நெஞ்சுவலிக்கு ஐசோசார்பைட், ஊரில் சார்பிட்ரேட் என்று சொல்வார்களே, அந்த மாத்திரை எழுதியிருந்தது. நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நைட்ரேட் என்கிற அந்த வகை மாத்திரையும் சில்டெனாஃபிலும் ஒரே உடம்பில் சந்தித்தால் ரத்த அழுத்தம் படுகுழியில் விழும், ஆள் எழுந்திருக்காமலே போகலாம். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்கும், டாடாலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது விதி. "மூலிகைதானே" என்று நம்பியவர் அதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார் அல்லவா? அவரும் சொல்லியிருக்கவில்லை. அதிர்ஷ்டம், அந்த மூன்று வாரமும் நெஞ்சுவலி வரவில்லை.

உங்களுக்கும் இது பொருந்தும். ஆறு வருடச் சர்க்கரை. என்றைக்காவது நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், இந்தக் கேப்ஸ்யூலை எப்போது போட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சம் பார்க்கிற நேரம் அதுவல்ல. பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு.

சரி, ஆதாரம் கேட்டீர்கள்.

அஸ்வகந்தா என்பது நம்ம ஊர் அமுக்கரா. மூன்றில் மனிதர்களிடம் அதிகமாகச் சோதித்துப் பார்த்தது இதைத்தான். ஆனால் இங்கே எல்லோரும் ஒரு இடத்தில் குழம்புகிறார்கள். விந்தணு எண்ணிக்கை வேறு, டெஸ்டோஸ்டெரோன் வேறு, விறைப்பு வேறு. விளம்பரக்காரன் முதல் இரண்டுக்குச் செய்த ஆராய்ச்சியைக் காட்டி மூன்றாவதை விற்கிறான். விந்தணு குறைவாக இருந்த 46 பேரை வைத்து 2013இல் ஒரு சோதனை வெளியானது. தினம் 675 மில்லிகிராம் வேர் எக்ஸ்ட்ராக்ட், 90 நாள். எடுத்தவர்களுக்கு ஒரு மில்லிக்குச் சுமார் 96 லட்சமாக இருந்த எண்ணிக்கை இரண்டரைக் கோடிக்கு மேல் போனது. சின்னச் சோதனை, ஆனாலும் கவனிக்கத்தக்கது, குழந்தைக்காகப் பார்ப்பவர்கள் டாக்டரிடம் பேசலாம். 2019இல் 40 முதல் 70 வயது வரையான, எடை கூடிய ஆண்களிடம் செய்த இன்னொன்றில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் டெஸ்டோஸ்டெரோன் 14.7 சதவீதம் கூடியது. ஆனால் அதே சோதனையில் பாலியல் திருப்தி பற்றிய கேள்வித்தாளில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ரத்த ரிப்போர்ட்டில் எண் ஏறியது, படுக்கையறையில் மாற்றம் இல்லை. இந்த இரண்டாவது பாதியை எந்த டப்பாவிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

விறைப்பையே நேராகக் கேட்ட சோதனை ஒன்று குஜராத் ஜாம்நகரில் நடந்து 2011இல் வெளியானது. மனப்பதற்றத்தால் விறைப்புப் பிரச்சினை உள்ள 95 பேரைச் சேர்த்தார்கள், 86 பேர் கடைசிவரை வந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அஸ்வகந்தா வேர்ப்பொடி, இன்னொரு கூட்டத்துக்குக் கோதுமை மாவு, 60 நாள். அஸ்வகந்தாவில் 12.6 சதவீத முன்னேற்றம், கோதுமை மாவில் 19.11 சதவீதம். கணக்குப்படி இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. செய்தவர்கள் ஆயுர்வேதப் பல்கலைக்கழகத்துக்காரர்களே, வந்ததை மறைக்காமல் எழுதினார்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை. அப்புறம் வந்த சில சின்னச் சோதனைகளில், எக்ஸ்ட்ராக்ட் கொடுத்து ஆசையும் திருப்தியும் கூடியது என்று சாதகமாகவும் வந்திருக்கிறது. மன அழுத்தமும் தூக்கமும் கொஞ்சம் சீராவதால் மறைமுகமாக உதவலாம் என்பது என் எண்ணம். ஆனால் சர்க்கரையால் ரத்தக்குழாயும் நரம்பும் அடிபட்டு வரும் விறைப்புக் குறைவுக்கு, அதாவது உங்களுடையது என்று நான் சந்தேகிப்பதற்கு, அமுக்கரா சரி செய்யும் என்று காட்டிய நம்பத்தக்க சோதனை கிடையாது.

முஸ்லியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருப்பதில் பெரும்பகுதி எலிகளிடம் செய்தது. ஆண் எலி எத்தனை தடவை ஏறியது என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். மனிதரிடம் விறைப்புக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

சிலாஜித்துக்கு இரண்டு சோதனைகளைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். 2010இல் விந்தணுக் குறைவுக்கு, 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, 90 நாள், முடித்தவர்கள் 28 பேர், எண்ணிக்கை 61 சதவீதம் கூடியது. ஆனால் போலி மருந்து எடுத்த எதிர்க்கூட்டம் இல்லை. அடுத்தது 2016இல் 45 முதல் 55 வயது ஆரோக்கியமான ஆண்களிடம் 250 மில்லிகிராம் இரண்டு வேளை, டெஸ்டோஸ்டெரோன் சுமார் 20 சதவீதம் கூடியது. இரண்டிலும் கொடுத்தது சுத்திகரித்து அளந்த சரக்கு. உங்களுக்கு வந்த டப்பாவில் இருப்பது அதுதானா என்பது தனிக் கேள்வி, விறைப்பை அதில் யாரும் அளக்கவும் இல்லை.

இப்போது சரக்குக்கு வருவோம். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த மாதிரிக் கலவைகளில் அஸ்வகந்தா 150, முஸ்லி 100, சிலாஜித் 50 மில்லிகிராம் என்கிற ரீதியில் இருக்கும். அது வெறும் பொடியா, சாரம் இறக்கிய எக்ஸ்ட்ராக்டா என்று சொல்லியிருக்காது. பொடி என்றால் 150 மில்லிகிராம் என்பது விரல் நுனியில் ஒட்டும் அளவு. ஜாம்நகரில் தினம் கிராம் கணக்கில் கொடுத்தே கோதுமை மாவைத் தாண்டவில்லை. எக்ஸ்ட்ராக்ட் என்றால் அமுக்கராவின் முக்கியச் சத்தான வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சதவீதத்திலும் விளையாட்டு உண்டு. ஹெச்.பி.எல்.சி.யில் அளந்தால் ஒரு எண் வரும், பழைய எடைபோடும் முறையில் அளந்தால் கூடவே வரும் மற்றதெல்லாம் சேர்ந்து எண் பெரிதாகும், எந்த முறை என்று டப்பாவில் போடுவதில்லை. இன்னொரு குறுக்குவழி, விலை குறைந்த இலையைக் கலப்பது. இலையில் வித்தாஃபெரின்-ஏ என்ற பொருள் அதிகம், மொத்த வித்தனோலைடு எண்ணை அது அழகாக ஏற்றிக்காட்டும். வழிவழியாக உள்ளே சாப்பிட்டது வேர், இலை இல்லை. ஆயுஷ் அமைச்சகமே 2021இல் இலையைச் சேர்க்காதீர்கள் என்று கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அமுக்கரா எடுத்துக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன, நம் நாட்டிலிருந்தும். அபூர்வம்தான். ஆனால் ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினையாகியிருக்கிறது. குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முஸ்லியைப் பொடியாக வாங்கினால் அது எது என்று கண்ணால் சொல்ல எனக்கே தெரியாது. விலை கூடின சரக்கு, அதனால் தண்ணீர்விட்டான் இனத்துக் கிழங்கைத் தோலுரித்துக் காயவைத்து இதோடு கலப்பதும், அதையே முஸ்லி என்று கொடுப்பதும் பழைய வியாபாரம். முழுக் கிழங்காகப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். முஸ்லி குட்டை விரல் மாதிரி வெள்ளையாக இருக்கும், தண்ணீர்விட்டான் நீளமாகப் போகும், நடுவில் நார் இருக்கும்.

சிலாஜித்தில்தான் கூத்து அதிகம். முதலில் பெயரே குழப்பம். நாட்டு மருந்துக் கடையில் சிலாசத்து என்று கேட்டால் சில கடைகளில் கற்பூர சிலாசத்து என்ற வெள்ளைக் கல்லை எடுத்துக் கொடுப்பார்கள். அது ஜிப்சம், வேறு வேலைக்கு. நீங்கள் தேடும் கருப்புப் பிசினுக்கு நம் சித்த மருத்துவத்தில் கன்மதம் என்று பேர். அடுத்து, சிலாஜித்தின் முக்கியச் சரக்கு என்று சொல்லி "ஃபுல்விக் ஆசிட் 75 சதவீதம்" என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். தக்காளிக்கும் சாமந்திக்கும் சொட்டுநீரில் விடுகிறோமே ஹியூமிக், உரக்கடையில் கருப்புத் தண்ணீராகவும் மினுமினுப்பான குருணையாகவும் கிடைக்குமே, ஃபுல்விக் அதன் உடன்பிறப்பு. நிலக்கரி வகைப் பொருளிலிருந்தே மலிவாக எடுத்துவிடலாம், சாதாரண டெஸ்டில் மலையிலிருந்து வந்ததா உர மூட்டையிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. சுடுதண்ணீரில் கரைகிறதா, நெருப்பில் காட்டினால் எரியாமல் பொங்குகிறதா என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அதெல்லாம் ஈயம் இருக்கிறதா என்று சொல்லாது. ஈயம் கரைந்துதான் இருக்கும்.

ஈயக் கணக்கு ஒன்று சொல்கிறேன். நம் நாட்டு ஆயுர்வேத, சித்த மருந்து விதிப்படி மூலிகைச் சரக்கில் ஈயம் 10 பி.பி.எம். வரை இருக்கலாம், அதாவது ஒரு கிராமில் 10 மைக்ரோகிராம். தினம் அரை கிராம் சிலாஜித் எடுத்தால் 5 மைக்ரோகிராம் உள்ளே போகும். வாய்வழி மருந்துகளுக்கு உலக அளவில் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் ஈய வரம்பும் 5 மைக்ரோகிராம்தான். ஆக, விதியைச் சரியாகக் கடைப்பிடித்த சரக்கே கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. லேபிளில் லைசென்ஸ் நம்பரே இல்லாமல், "இமயமலையிலிருந்து நேரடியாக" என்று வருவதில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கியே தீருவேன் என்பவர்கள் அந்த டப்பாவின் பேட்ச் நம்பர் போட்ட, ஈயம், ஆர்சனிக், பாதரசம், காட்மியம் நான்கும் எண்ணாக எழுதிய ரிப்போர்ட்டைக் கேளுங்கள். "பாஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ரிப்போர்ட் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 44 வயது, ஆறு வருடச் சர்க்கரை, ஒரு வருடமாகப் படிப்படியாக விறைப்புக் குறைவு. ஆண்குறிக்குப் போகும் குழாய்கள் இதயத்துக்குப் போவதைவிட மெல்லியவை, அடைப்பு இருந்தால் பெரும்பாலும் முதலில் அங்கே தெரியும், நெஞ்சுவலி சில வருடம் கழித்து வரலாம். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய காரணம் இதுதான். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் பொது மருத்துவத்தைப் பாருங்கள். ஹெச்பிஏ1சி, பிபி, கொழுப்பு, ஈசிஜி, அப்புறம் டெஸ்டோஸ்டெரோன். அதைக் காலை பத்து மணிக்குள் எடுக்க வேண்டும், மதியம் எடுத்தால் குறைவாகக் காட்டிப் பயமுறுத்தும். பிபி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை, சிலது விறைப்பைக் குறைக்கும், சீட்டை எடுத்துப் போங்கள். இதயம் சரியாக இருந்தால் டாக்டரே சில்டெனாஃபில் அளவு பார்த்து எழுதுவார். கள்ளத்தனமாக நீங்கள் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பதும் அநேகமாக அதுவோ அதன் உறவுக்காரனோதான், சீட்டு எழுதி வாங்கினால் எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்து சாப்பிடுவீர்கள், விலையும் அந்த டப்பாவைவிடக் குறைவாகத்தான் வரும்.

அமுக்கராவை விட மனசில்லை என்றால் அதே ஆஸ்பத்திரி வளாகத்திலேயே சித்தா பிரிவு இருக்கிறது, அமுக்கரா சூரணம் பணமில்லாமல் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று. அந்தச் சூரணத்தின் பழைய கணக்கு, கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நாலு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநாலு என்று இரட்டித்துக்கொண்டே போகும், கடைசியில் அத்தனைக்கும் சமமாகச் சர்க்கரை. இரண்டு கிராம் சாப்பிட்டால் அதில் ஒரு கிராம் சர்க்கரை, அரை கிராம்தான் அமுக்கரா.